20 சதவீதம் ஏற்றி 20 சதவீதம் இறக்கினால் கடைசி விலை என்ன? கடைக்காரர்களுக்கான கேள்வி-பதில்

ஈரோட்டில் சென்னிமலைப் போர்வை விற்கும் ஒரு கடையை வைத்தே கீழே உள்ள கணக்குகள் பெரும்பாலும் போகின்றன. போர்வையின் அடக்க விலை 850 ரூபாய், விற்பனை விலை 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். கணக்கு புரிவதற்காக எடுத்த எண்கள் இவை. உங்கள் சரக்கின் விலையைப் போட்டுப் பார்த்தாலும் விகிதம் இப்படியேதான் வரும்.

ஆயிரம் ரூபா போர்வைக்கு 20 பர்சென்ட் ஏத்துனேனுங்க. ஆடிக்கு அதே 20 பர்சென்ட் தள்ளுபடி குடுத்தேன். 960தான் கல்லாவுக்கு வந்துச்சு. மீதி 40 ரூபா எங்க போச்சு?

நீங்கள் ஏற்றிய 200 ரூபாய்க்கும் சேர்த்துத் தள்ளுபடி கொடுத்துவிட்டீர்கள். அந்த 40 ரூபாய் அங்கேதான் போனது.

ஏற்றும்போது கையில் இருந்த விலை 1,000. அதில் 20 சதவீதம் 200 ரூபாய். விலை 1,200 ஆயிற்று. இறக்கும்போது பழைய 1,000 எங்கும் இல்லை, சீட்டில் இருப்பது 1,200. அதில் 20 சதவீதம் 240 ரூபாய். ஏற்றியது 200, இறக்கியது 240.

இந்த 240ஐப் பிரித்துப் பார்த்தால் விஷயம் தெளிவாகிவிடும். பழைய 1,000 ரூபாய்க்கான 20 சதவீதம் 200. புதிதாக மேலே வைத்த 200 ரூபாய்க்கான 20 சதவீதம் 40. முதல் 200 நீங்கள் ஏற்றியதோடு சரியாகிவிடுகிறது. இரண்டாவது 40தான் கையை விட்டுப் போகிறது.

சதவீதம் என்றால் நூற்றுக்கு இத்தனை. எந்த நூற்றுக்கு என்பதைச் சொல்லாமல் வெறும் 20க்குப் பொருள் கிடையாது. ஏற்றியபோதும் இறக்கியபோதும் வாயில் வந்த எண் ஒன்றுதான், ஆனால் அது உட்கார்ந்திருக்கும் தொகை வேறு. பெரிய தொகையில் எடுத்த 20, சின்னத் தொகையில் எடுத்த 20ஐ விடப் பெரியது. அதனால்தான் எப்போதும் நட்டப் பக்கமே முடிகிறது, ஒருநாளும் லாபப் பக்கம் வராது.

வேற பர்சென்டுக்கு எவ்வளவு குறையும்னு கால்குலேட்டர் இல்லாம சொல்ல முடியுங்களா?

முடியும். அந்தச் சதவீதத்தை அதே எண்ணால் பெருக்கி 100ஆல் வகுத்தால், பழைய விலையில் எத்தனை சதவீதம் போகும் என்பது வந்துவிடும்.

20ஐ 20ஆல் பெருக்கினால் 400, நூறால் வகுத்தால் 4. அதாவது 4 சதவீதம், ஆயிரத்துக்கு 40 ரூபாய். இதே மாதிரி 10க்குப் பார்த்தால் 1 சதவீதம்தான் போகிறது. 30க்கு 9 சதவீதம். 50க்கு 25 சதவீதம், அதாவது ஆயிரம் ரூபாய்ப் பொருள் 1,500க்கு ஏறி 750க்கு இறங்கிவிடும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. சதவீதம் இரண்டு மடங்கானால் நட்டம் இரண்டு மடங்கு ஆவதில்லை, நான்கு மடங்கு ஆகிறது. 10க்கு 10 ரூபாய் போன இடத்தில் 20க்கு 40 ரூபாய் போகிறது. 5 சதவீதம் ஏற்றி இறக்குகிறவருக்கு ஆயிரத்துக்கு இரண்டரை ரூபாய்தான் வித்தியாசம், அவர் கவனிக்கவே மாட்டார். அதே பழக்கத்தில் ஆடிக்கு 30, 40 என்று போகும்போதுதான் அடி விழுகிறது.

வெறும் 4 பர்சென்ட்தானே, அதுக்குப் போயி இவ்வளவு கணக்குப் பார்க்கோணுமா?

4 சதவீதம் என்பது விலையில். உங்கள் வீட்டுக்குப் போவது விலை அல்ல, லாபம்.

அடக்கம் 850, விலை 1,000 என்றால் ஒரு போர்வைக்கு 150 ரூபாய் நிற்கும். 960க்கு விற்றால் நிற்பது 110. விலையில் 4 சதவீதம் குறைந்தபோது லாபத்தில் 150க்கு 40 போய்விட்டது, அது கிட்டத்தட்ட 27 சதவீதம். லாபத்தில் கால் பங்குக்கும் மேல்.

நூறு போர்வை விற்று 15,000 ரூபாய் லாபம் பார்த்தவர், 960 விலையில் அதே 15,000ஐப் பார்க்க 137 போர்வை விற்க வேண்டும். தள்ளுபடியைப் பார்த்து அந்த 37 பேர் கூடுதலாக வந்தால் சரி. "பழைய விலைக்குத்தானே கொடுக்கிறோம்" என்று நினைத்துக்கொண்டு கூட்டத்தை எதிர்பார்க்காமல் இருந்தால், சீசன் முடிந்து கணக்கு எழுதும்போதுதான் தெரியும்.

நிற்கிற லாபம் குறைவாக உள்ள சரக்கில் இது இன்னும் மோசம். அடக்கம் 960ஆகவும் விலை 1,000ஆகவும் இருக்கும் ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். 20 ஏற்றி 20 இறக்கினால் அடக்கத்துக்கே விற்றதாக ஆகிவிடும். ஆள் கூலி, கரண்ட், வாடகை எல்லாம் கையிலிருந்துதான் போக வேண்டும்.

அப்ப மறுபடியும் அந்த ஆயிரத்துக்கே வரணும்னா எத்தனை பர்சென்ட் குறைக்கணுமுங்க?

20 ஏற்றியிருந்தால் 16.67 சதவீதம். ஏற்றிய ரூபாயை ஏற்றிய பிறகு உள்ள விலையால் வகுக்க வேண்டும். 200ஐ 1,200ஆல் வகுத்து 100ஆல் பெருக்கினால் 16.67.

விலை தெரியாமல் சதவீதம் மட்டும் தெரிந்தாலும் போதும். 20ஐ 120ஆல் வகுத்து நூறால் பெருக்குங்கள். 10 ஏற்றியிருந்தால் 10ஐ 110ஆல் வகுக்க 9.09 வரும். 25 ஏற்றியிருந்தால் 25ஐ 125ஆல் வகுக்கச் சரியாக 20 வரும். இந்த 25க்கு 20 ஜோடியை மனதில் வைத்துக்கொள்வது நல்லது, அடிக்கடி கை கொடுக்கும்.

16.67 என்று போர்டில் எழுத முடியாது. முழு எண்ணாக்கினால் 16 சதவீதத்துக்கு விலை 1,008 வரும், 17க்கு 996 வரும். எங்களைக் கேட்டால், இந்த மாதிரி இடத்தில் சதவீதத்தை விட்டுவிட்டு "200 ரூபாய் தள்ளுபடி" என்று எழுதுங்கள். ரூபாய்க் கணக்கில் ஏற்றியதும் இறக்கியதும் ஒன்றுக்கொன்று நேராகக் கழிந்துவிடும், வாங்குகிறவருக்கும் உடனே புரியும்.

போர்டுல 20 பர்சென்ட்னுதான் போடோணும், பக்கத்துக் கடையில எல்லாம் அப்படித்தான். ஆனா கல்லாவுக்கு ஆயிரம் வரணும். சீட்டுல என்ன விலை எழுதறது?

1,250.

வாங்குகிறவர் 20 சதவீதம் கழித்து மீதி 80 சதவீதம்தான் தருகிறார். அந்த 80 பங்கு 1,000 ஆக வேண்டும் என்றால் முழுத்தொகை 1,000ஐ 0.80ஆல் வகுத்தால் வரும். 10 சதவீதத் தள்ளுபடி என்றால் 0.90ஆல் வகுக்க வேண்டும், சுமார் 1,111 வரும். 30 என்றால் 0.70ஆல், சுமார் 1,429. பாதி விலை என்றால் 0.50ஆல், 2,000.

1,000த்தோடு 20 சதவீதத்தைக் கூட்டி 1,200 என்று சீட்டில் எழுதுவதுதான் எல்லாரும் செய்யும் தவறு. கூட்டும் கணக்கை இங்கே போடக்கூடாது, வகுக்க வேண்டும்.

கணக்கு இது. ஆனால் ஒரு எச்சரிக்கை. ஒருநாளும் 1,250க்கு விற்காத போர்வையில் 1,250 என்று எழுதி அடித்துவிட்டு 1,000 போடுவது வேறு விஷயம். வழக்கமாக என்ன விலைக்கு விற்கிறது என்பதில் மக்களைத் திசைதிருப்புவதை, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிக நடைமுறையாக எடுத்துக்கொள்கிறது. உண்மையிலேயே சீசன் விலை 1,250 என்று விற்று வந்து, பிறகு 20 குறைப்பது சரி. பேக் செய்து எம்.ஆர்.பி. அச்சடித்து வரும் சரக்கில் இந்த வேலையே கூடாது. எம்.ஆர்.பி.க்கு மேல் ஸ்டிக்கர் ஒட்டி விலையைக் கூட்டுவது சட்ட எடையளவு விதிகளின்படி குற்றம். அதில் இறக்க மட்டும்தான் முடியும்.

ஆடி முடிஞ்சுது. 20 குறைச்சு 800க்கு வித்த போர்வைய 20 ஏத்திப் பழைய விலைக்குக் கொண்டு வந்துட்டேன். சரிதானுங்களே?

வரவில்லை. 800ல் 20 சதவீதம் 160தான், விலை 960ல் நிற்கிறது.

முன்னே ஏற்றிப் பின்னே இறக்கினாலும், முன்னே இறக்கிப் பின்னே ஏற்றினாலும் முடிவு ஒன்றே. முதலாவதில் 1,000ஐ 1.2ஆல் பெருக்கி 0.8ஆல் பெருக்குகிறோம். இரண்டாவதில் 0.8 முதலில், 1.2 பிறகு. பெருக்கலில் எது முன்னே வந்தாலும் விடை மாறாது.

கடைகளில் நாங்கள் அதிகம் பார்ப்பது இந்த இரண்டாவது வகைதான். தள்ளுபடிக்காக விலையைக் குறைக்கும்போது நிதானமாகக் கணக்குப் போட்டுப் பார்ப்பவர்கள், ஆடி முடிந்து சீட்டு மாற்றும்போது அவசரப்படுகிறார்கள். 800லிருந்து 1,000த்துக்குத் திரும்ப 25 சதவீதம் ஏற்ற வேண்டும். 20 போட்டுவிட்டு, தீபாவளி வரைக்கும் ஒவ்வொரு போர்வைக்கும் 40 ரூபாய் குறைத்தே விற்றுக்கொண்டிருப்பார்கள். தள்ளுபடி ஒரு மாதம், இந்தத் தவறு இரண்டு, மூன்று மாதம்.

தவிர்க்க எளிய வழி உண்டு. தள்ளுபடிக்கு முன், சீட்டின் பின்பக்கம் பழைய விலையைப் பேனாவால் எழுதி வையுங்கள். முன்பக்கம் 1,000ஐ அடித்து 800 என்று இருக்கட்டும். முடிந்ததும் சீட்டைத் திருப்பினால் போதும், எந்தச் சதவீதமும் போட வேண்டியதில்லை. பில் போடும் கம்ப்யூட்டரிலும் அப்படித்தான். விலையையே 800 என்று மாற்றாமல், 1,000ஐ அப்படியே விட்டுத் தள்ளுபடியைத் தனியாக வையுங்கள். ஆடி முடிந்ததும் தள்ளுபடியை மட்டும் எடுத்துவிடலாம்.

நான் சும்மா ஏத்தலீங்க. நூல் விலை ஏறி, தறிக்காரரே 20 ஏத்திட்டாரு. நானும் 20 ஏத்தினேன். இப்ப அதை 20 குறைச்சா என்ன ஆகும்?

இங்கே நட்டம் 40 ரூபாயோடு நிற்காது.

உங்கள் அடக்கம் 850லிருந்து 1,020க்குப் போய்விட்டது. விலை 1,200, லாபம் 180. இப்போது 20 சதவீதம் குறைத்து 960க்கு விற்றால் அடக்கத்துக்கும் கீழே 60 ரூபாய் போகிறது. பழைய விலையோடு ஒப்பிட்டு "40தான் குறைவு" என்று நினைப்பது இங்கே ஏமாற்றிவிடும். ஒப்பிட வேண்டியது பழைய விற்பனை விலையோடு அல்ல, இன்றைய அடக்கத்தோடு.

பழைய அடக்கத்தில் வாங்கிய சரக்கு இன்னும் ரேக்கில் இருந்தால், அதற்கு மட்டும் 960 கட்டுப்படியாகும், 110 ரூபாய் நிற்கும். புதுச் சரக்குக்கு ஆகாது. ஆகவே இரண்டையும் கலந்து அடுக்காமல், பழைய கட்டுக்கு ஒரு நிறச் சீட்டு, புதுக் கட்டுக்கு வேறு நிறச் சீட்டு கட்டுங்கள். தள்ளுபடியைப் பழைய கட்டுக்கு மட்டும் கொடுங்கள். ஆனாலும் விற்ற பணத்தில் திரும்பச் சரக்கெடுக்க 1,020 வேண்டும் என்பதையும் மறக்கக்கூடாது. 960ஐ வைத்து ஒரு போர்வை கூட வாங்க முடியாது.

புதுச் சரக்குக்கு எவ்வளவு வரை தள்ளுபடி தாங்கும்? 1,200லிருந்து அடக்கம் 1,020க்கு வர 180 ரூபாய், அதாவது 15 சதவீதம். அது வெறும் அடக்கத்துக்கான எல்லை. கடைச் செலவையும் சேர்த்தால் 15 சதவீதத்துக்கு முன்பே நிறுத்த வேண்டும்.

ஜிஎஸ்டி சேர்ந்தா இந்தக் கணக்கு மாறுங்களா?

விகிதம் மாறாது. ஆனால் கண்ணை ஏமாற்றும்.

மேலே சொன்ன விலைகளை வரிக்கு முந்தைய விலைகள் என்று வையுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரை உள்ள போர்வைக்கு 5 சதவீத வரி. சீட்டில் வரியோடு 1,050 இருந்தது, ஏற்றியதும் 1,260 ஆயிற்று, 20 குறைத்ததும் 1,008. வரி தனியாக இருந்தபோது 1,000 என்று மனதில் பதிந்த ஆள், 1,008ஐப் பார்த்ததும் "பழைய விலைக்கு மேலேயே வருகிறது" என்று நினைத்துவிடுவார். வந்ததில் 48 ரூபாய் வரி, உங்களுக்கு 960தான். ஒப்பிடும்போது இரண்டு பக்கமும் வரியோடு பாருங்கள், அல்லது இரண்டு பக்கமும் வரியில்லாமல் பாருங்கள்.

தள்ளுபடியைப் பில்லிலேயே காட்டினால் தள்ளுபடி போக மீதிக்குத்தான் வரி வரும். பில்லில் 1,260 போட்டுவிட்டுக் கையால் ரூபாயைத் திருப்பித் தந்தால், வராத பணத்துக்கும் வரி கட்டுவீர்கள்.

கால்குலேட்டர்ல % பட்டனை அமுத்துனா ஒரு மெஷின்ல ஒரு விடை, இன்னொன்னுல வேற விடை வருதுங்களே?

அந்தப் பட்டன் எல்லா மெஷினிலும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. சிலவற்றில் லாபத்தை விற்பனை விலையின் மேல் கணக்கிடும். 100ஐ அடித்து 20 சதவீதம் கூட்டிப் பாருங்கள். 120 வந்தால் சரி. 125 வந்தால் அது 100ஐ 0.8ஆல் வகுக்கிற மெஷின். வேறு ஏதாவது வந்தால் அந்தப் பட்டனைத் தொடவே வேண்டாம்.

பெருக்கல் பட்டன் எதிலும் ஏமாற்றாது. ஏற்ற 1.2ஆலும் இறக்க 0.8ஆலும் பெருக்குங்கள். 15 சதவீதம் என்றால் 1.15ம் 0.85ம். எக்ஸெலில் பட்டியல் வைத்திருப்பவர்கள் A2ல் விலையையும் B2ல் சதவீதத்தையும் போட்டு இதை எழுதலாம்:

```
=A2*(1+B2/100)*(1-B2/100)
```

B2ல் 20% என்று குறியோடு போடாமல் 20 என்று மட்டும் போடுங்கள். குறியோடு போட்டால் எக்ஸெல் அதை 0.2 என்று எடுத்துக்கொள்ளும், விலை அசையாமல் கிட்டத்தட்ட 1,000 என்றே காட்டும். ஏற்றி இறக்கிய பிறகும் விலை அப்படியே இருப்பதாகத் தெரிந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

காங்கேயத்துல எண்ணெய் விலை 25 பர்சென்ட் ஏறி, அப்புறம் 25 பர்சென்ட் இறங்கிடுச்சுன்னு சொல்றாங்க. பழைய விலைக்கு வந்துடுச்சுன்னு அர்த்தமுங்களா?

பழைய விலைக்கும் கீழே வந்துவிட்டது. லிட்டர் 400 என்று இருந்ததாக வைத்தால், ஏறி 500, இறங்கி 375. 25ஐ 25ஆல் பெருக்கி நூறால் வகுத்தால் 6.25 சதவீதம், 400க்கு 25 ரூபாய். இங்கே நீங்கள் வாங்குகிறவர், அதனால் கணக்கு உங்கள் பக்கம் சாய்கிறது. ஆனால் 500க்கு எடுத்த டின்கள் கடையில் இருந்தால், 375க்கு வாங்கும் பக்கத்துக் கடைக்காரரோடு போட்டி போட வேண்டியிருக்கும். 375லிருந்து 500க்குத் திரும்ப ஏற வேண்டுமானால் சந்தை 33.33 சதவீதம் ஏற வேண்டும். 25 ஏறினால் போதும் என்று சரக்கைப் பிடித்து வைத்திருந்தால், அது 468.75ல் நின்றுவிடும்.

நான் ஒரே தடவை 20 எல்லாம் பண்றதில்லீங்க. 10 ஏத்துவேன், 10 இறக்குவேன், வருசத்துக்கு அஞ்சு தடவை. 1 பர்சென்ட்தானே போகும்?

ஒரு சுற்றுக்கு 1 சதவீதம். அடுத்த சுற்று குறைந்த விலையிலிருந்து தொடங்குகிறது. 1,000 முதல் சுற்றில் 990, இரண்டாவதில் 980.10, ஐந்தாவது முடியும்போது சுமார் 951 ஆகிவிடும். ஒவ்வொரு முறையும் பழைய சீட்டைப் பார்க்காமல் அப்போதைக்கு ஒட்டியிருக்கும் விலையில் கணக்கைப் போடுகிறவர்களுக்கு இது நடக்கும். அடிப்படை விலை 1,000 என்று ஒரு நோட்டில் எழுதி வைத்து, ஒவ்வொரு முறையும் அங்கிருந்தே 10 ஏற்றுங்கள், இறக்கும்போது நோட்டில் உள்ள 1,000க்கே திரும்புங்கள். அப்போது ஐந்து தடவை அல்ல, ஐம்பது தடவை மாற்றினாலும் ஒரு ரூபாய் குறையாது.